அச்சில் வந்த தப்பு

புத்தகம் கைக்கு வந்ததும் நான் அட்டையைப் பார்க்கவில்லை. நடுவில் விரித்தேன். என் அம்புக்குறிகள் இருந்தன. கிராஃப் வரையும்போது அச்சுகளின் நுனியில் எல்லோரும் இரண்டு சின்னக் கோடுகள் இழுத்து அம்பு காட்டுவார்கள். நான் முக்கோணம் போட்டு உள்ளே கறுப்படிப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். நாற்பது பக்கங்களிலும் அந்தக் கறுப்பு முக்கோணங்கள் அப்படியே அச்சாகியிருந்தன. பிறகுதான் அட்டையைத் திருப்பினேன். சாரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. கீழே அவருடைய பட்டங்கள், அதற்குக் கீழே அவருடைய முப்பது வருட அனுபவம். என் பெயர் எங்கேயும் இல்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் தேடினேன். அங்கே அவருடைய மனைவியும் அவர் கும்பிடும் சாமியும்தான் இருந்தார்கள்.

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மிட்டாய்க் கடையின் இரண்டாவது மாடியில் இருந்த கோச்சிங் கிளாஸ் அது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு இரண்டு பேட்ச் எனக்கு. கணிதத்துக்குத் தலைவர் சார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். சூத்திரங்களில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கரும்பலகையில் எழுதத் தொடங்கினால் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைக்க முடியாது. நான் தாராவி. பள்ளிக்கூடம் அங்கேதான், கல்லூரி மாட்டுங்காவில். அதை அவர் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு நான் ஏதாவது ஆங்கிலச் சொல்லைத் தப்பாக உச்சரித்தால், ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கேட்கும்படி, "தாராவி ஸ்பெஷல்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்படிச் சிரித்த ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த நாற்பது தாள்கள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும்.

என் பிள்ளைகள் எந்தச் சார்பைக் கொடுத்தாலும் அதன் டெரிவேட்டிவை, அதாவது சாய்வைச் சொல்லும் சார்பை, எடுத்துவிடுவார்கள். எக்ஸ் ஸ்கொயரா, டூ எக்ஸ். சைன் எக்ஸா, காஸ் எக்ஸ். ஆனால் சூத்திரம் எதுவும் தராமல், வெறுமனே ஒரு வளைகோட்டை வரைந்து, "இதோட டெரிவேட்டிவ் கிராஃபைக் கீழே போடு" என்றால் கை நின்றுவிடும். பாதிப் பேர் மேலே இருக்கும் படத்தையே கீழேயும் வரைந்துவைப்பார்கள். மேலே உயரமாக இருக்கும் இடத்தில் கீழேயும் உயரமாக இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள்.

நான் ஒரு ஸ்கேலை எடுத்தேன். வளைகோட்டின் மேல் அதைத் தொடுகோடாக வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திக் காட்டினேன். "உயரத்தைப் பாக்காதீங்க. ஸ்கேல் எப்படிச் சாயுதுன்னு மட்டும் பாருங்க. மேல இருக்குற கிராஃப் ஏறுதா? கீழ அச்சுக்கு மேல இருக்கணும். இறங்குதா? அச்சுக்குக் கீழ. உச்சியிலயோ பள்ளத்திலயோ வளைஞ்சு திரும்புதா? அங்க ஸ்கேல் படுத்துக்கும், சாய்வு பூஜ்யம், கீழ் கிராஃப் அச்சைத் தொடும். எங்க ரொம்பச் செங்குத்தா ஏறுதோ, அங்கதான் கீழ் கிராஃபுக்கு உச்சி."

ஒரு மாணவன் கேட்டான்: "மிஸ், மேல இருக்குறத அப்படியே ரெண்டு கட்டம் தூக்கி வச்சா?"

"கீழ ஒண்ணும் மாறாது. பாலத்தைத் தூக்கி வச்சாலும் பஸ் ஏறுற ஏத்தம் அதேதானே?"

இரண்டு பேட்சுக்கு இடையில் மதியம் மூன்று மணி நேரம் இடைவெளி. காலி வகுப்பில் உட்கார்ந்து தாள்கள் தயாரித்தேன். மேல் பாதியில் ஒரு வளைகோடு, கீழ்ப் பாதியில் வெற்று அச்சுகள், பின்பக்கத்தில் விடை. முதலில் ஒரு பள்ளமும் ஒரு உச்சியும். பிறகு நேர்கோடுகள், அவற்றுக்குக் கீழே படுக்கைக் கோடுகள். பிறகு கூர்முனை. அங்கே கோடு வழவழப்பாகத் திரும்பாமல் ஒடிந்து திரும்புவதால் சாய்வு என்று ஒன்றைச் சொல்லவே முடியாது; கீழே கோடு அறுந்து, இரண்டு வெற்று வட்டங்கள் வரும். ஒரு வருடம் வரைந்தேன். அந்த வருடம் என் பேட்ச் பிள்ளைகள் வளைகோட்டைப் பார்த்துப் பயப்படுவது நின்றது.

சார் ஒரு நாள் என் தாள்களை எடுத்துப் பார்த்தார். "நன்னாதான் இருக்கு. ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்பிடும்மா. தப்பு கிப்பு இருந்தாப் பார்த்துச் சொல்றேன்" என்றார். அனுப்பினேன். தப்பு எதையும் அவர் சொல்லவில்லை. ஜூன் மாதம் புத்தகமாக வந்தது.

ஸ்டாஃப் ரூமில் அவர் தனியாக இருக்கும்போது போய்க் கேட்டேன். "சார், இது நான் வரைஞ்சது."

"ஆமா." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிளாஸ்ல உட்கார்ந்து, கிளாஸ் பேப்பர்ல, கிளாஸ் பசங்களுக்காகப் போட்டது. அது கிளாஸுக்குத்தானே சொந்தம்?"

"அப்போ கிளாஸ் பேரைப் போட்டிருக்கலாமே சார்."

இப்போது நிமிர்ந்தார். "இதோ பாரும்மா. கோடு ஏறினா பாசிட்டிவ், இறங்கினா நெகட்டிவ். இது உலகத்துக்கே தெரியும். நீ என்ன கண்டுபிடிச்சுட்டே? அட்டையில ஒரு பேரு இருந்தாத்தான் பேரண்ட்ஸ் வாங்குவா. உன் பேரைப் போட்டா யாரு வாங்குவா, சொல்லு?"

அவர் மேசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். "இது உனக்கு. காம்ப்ளிமெண்டரி."

வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் காட்டினேன். அம்மா தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். எழுத்து வாசிக்கமாட்டாள், ஆனால் என் கையை அவளுக்குத் தெரியும்.

"இது நீ போட்டதுல்லா?"

"ஆமா."

"அப்புறம் என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

சொன்னேன். அம்மா கத்தரியை நிறுத்தவில்லை. "சவத்த விடுட்டி. வேலைய விட்டுராத" என்றாள். அதோடு முடித்துவிட்டாள். எனக்கு முடியவில்லை. பஸ்ஸில் போகும்போதும், சயன் சிக்னலில் நிற்கும்போதும், அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லை மென்றுகொண்டிருந்தேன். காம்ப்ளிமெண்டரி.

செப்டம்பரில் அவரே வந்தார். "புக்குக்கு நல்ல பேரு. செகண்ட் பார்ட் போடப் போறேன். பத்து டயகிராம் புதுசாப் போட்டுக் குடுத்துடும்மா. கொஞ்சம் டஃபா இருக்கட்டும்."

"சரி சார்" என்றேன். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

நான் ஏன் சரி சொன்னேன் என்றால், ஒரு வருடமாக அவரைக் கவனித்திருந்தேன். சார் ஒரு நாளும் படத்திலிருந்து பாடம் நடத்தியதில்லை. சூத்திரம் இருந்தால் ராஜா. சூத்திரம் இல்லாத வளைகோட்டைப் பார்க்கக்கூட அவருக்குப் பொறுமை கிடையாது. முதல் புத்தகத்தில் அவர் திருத்தியதெல்லாம் என் ஆங்கிலத்தைத்தான். கோடுகளை அவர் பார்க்கவே இல்லை. இந்தத் தடவையும் பார்க்கமாட்டார்.

பத்துப் படங்களில் ஒன்பதைச் சரியாகப் போட்டேன். ஏழாவதைத் தப்பாகப் போட்டேன்.

அந்தப் படம் இப்படி. மேலே இருக்கும் வளைகோடு இடதுபக்கத்திலிருந்து ஏறி வருகிறது. ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இரண்டு என்ற இடத்தில் ஒரு கணம் தட்டையாகிறது. மாடிப்படியில் ஏறுகிறவர் ஒரு படியில் நின்று மூச்சு வாங்குவது மாதிரி. பிறகு மறுபடியும் ஏறுகிறது. எங்கேயும் இறங்கவில்லை. ஆகவே கீழ்ப் படம் அச்சுக்கு மேலேயே இருந்து, கீழே வந்து, இரண்டில் அச்சைத் தொட்டு, திரும்பி மேலே போக வேண்டும். தொட வேண்டும், தாண்டக் கூடாது. நான் தாண்டவைத்தேன். இரண்டில் அச்சை வெட்டிக்கொண்டு, அழகான ஒரு வளைவில் கீழே இறக்கிவிட்டேன். உச்சி உள்ள எல்லாப் படங்களிலும் அப்படித்தான் வெட்டும், ஆகவே பார்க்கிற கண்ணுக்கு அது பழகிய கோடாகவே தெரியும். மேல் படத்தையும் கீழ்ப் படத்தையும் சேர்த்துவைத்து, வலது பாதியில் என்ன நடக்கிறது என்று ஒரு முறை கேட்டால் போதும், பொய் தெரிந்துவிடும். கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் பிரதியில் ஏழாவதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். கொடுக்கும்போது சொன்னேன்: "சார், இதுதான் இருக்கறதுலயே நல்ல சம். டெமோ லெக்சருக்குப் போட்டா பேரண்ட்ஸுக்குப் பிடிக்கும்."

"குட், குட்" என்றார். அக்டோபர் கடைசியில் இரண்டாம் பாகம் அச்சாகி வந்தது.

டெமோ லெக்சர் என்பது ஒவ்வொரு வருடமும் டிசம்பரில், மாட்டுங்காவில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு ஹாலில் நடக்கும். அடுத்த வருட அட்மிஷனுக்காகப் பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். சார் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார். அன்றைக்கு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் அந்தப் பக்கத்தைத் திரையில் போட வேண்டும், நான் எழுந்து கையைத் தூக்க வேண்டும். இதை இரண்டு மாதம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என்ன புடவை கட்டுவது என்பதுவரை முடிவுசெய்து வைத்திருந்தேன்.

நான் கணக்குப் போடாத ஒன்று நடந்தது. நட்சத்திரத்தைப் பார்த்த சார், அந்தப் படத்தை நவம்பர் டெஸ்டிலும் போட்டுவிட்டார். திருத்திய தாள்கள் டெமோவுக்குச் சரியாகப் பதினொரு நாள் முன்பு பிள்ளைகள் கைக்கு வந்தன.

அந்த டெஸ்டை வைத்துத்தான் காலை பேட்சில் யார், மாலை பேட்சில் யார் என்று பிரிப்பார்கள். காலை பேட்சுக்கு இருபத்தைந்துக்கு இருபது வேண்டும். விடைத்தாள்களைச் சார் தன் புத்தகத்தை வைத்தே திருத்தினார். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் புத்தகத்தில் இருந்த படத்தை மனப்பாடம் செய்திருந்தார்கள். கோட்டைத் தாண்டவைத்தார்கள், முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

என் பேட்சில் ஒரு பெண் இருந்தாள். எங்கள் தாராவிதான், தொண்ணூறு அடி ரோட்டுக்கு அந்தப் பக்கம். அவளுடைய அப்பாவுக்குச் சொந்தமாக நாலு தையல் மிஷின். புத்தகத்தை அவள் நம்புகிறவள் இல்லை. ஸ்கேலை நம்புகிறவள். இரண்டில் தொட்டுத் திரும்புகிற மாதிரி சரியாக வரைந்திருந்தாள். சார் அதன் குறுக்கே சிவப்பில் அடித்து, பூஜ்யம் போட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு இரண்டு மதிப்பெண். அவளுக்கு மொத்தம் பத்தொன்பது.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மிஸ், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான போட்டேன்? இரண்டுக்கு அப்புறமும் ஏறத்தான செய்யுது?"

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புக்குல வேற மாதிரி இருக்கு மிஸ். புக் கலத் ஹை க்யா, புக்கே தப்பா? இல்ல நான்தான் எங்கயாச்சும் விட்டுட்டேனா?"

அந்த நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நீ போட்டதுதான் சரி. நேராகக் கிளாஸின் உரிமையாளரான மேடத்தின் அறைக்குப் போய்த் தாளைக் காட்டியிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் சார் புத்தகத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிவிடுவார், டெமோவுக்கு வேறு படம் எடுத்துவிடுவார். என் இரண்டு மாதம் போய்விடும்.

"பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"காலை பேட்ச் இல்லன்னா எங்கப்பா அனுப்பமாட்டாரு மிஸ். சாயங்காலம் முடிஞ்சு நான் வீடு போய்ச் சேர ஒம்பது ஆயிரும்."

"பாத்துச் சொல்றேன்னு சொன்னேன்ல. போ."

அவள் போனாள். நான்கு நாள் கழித்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்தும்போது அவளுடையது வந்தது. அதே படத்தை மறுபடியும் வரைந்திருந்தாள். முதலில் சரியாக வரைந்து, பிறகு ரப்பரால் அழித்திருந்தாள். அழித்த இடத்தில் காகிதம் தேய்ந்து பஞ்சாகியிருந்தது. அதன் மேல் புத்தகத்தில் இருந்தபடி, அச்சைத் தாண்டிக் கீழே இறங்கும் கோடு. பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தாள்: மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

அதைப் பார்த்தும் நான் போய்ச் சொல்லவில்லை. இன்னும் ஏழு நாள்தானே என்று நினைத்தேன். ஏழு நாளில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். கோபம் என்று அதற்குப் பெயர் சொல்ல முடியாது. கோபத்தில் இருப்பவர் அப்போதே கத்திவிடுவார். நான் சிவப்புப் பேனாவால் அவளுடைய நோட்டில் ஒரு டிக் போட்டு, மூடி, அடுத்ததை எடுத்தேன்.

டெமோ நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹாலில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் மேடம். செம்பூர்க்காரர், பேச்சு குறைவு. சார் புதுச் சட்டையில் வந்திருந்தார். இருபது நிமிடம் தன் முப்பது வருட அனுபவத்தைப் பற்றிப் பேசினார். பிறகு, "இப்போ ஒரு சம் காட்றேன். இந்த மாதிரி சம் எந்த கிளாஸ்லயும் பார்த்திருக்கமாட்டேள்" என்றார். திரையில் ஏழாவது படம் வந்தது. என் கறுப்பு முக்கோணங்களோடு.

அவர் விளக்கினார். இரண்டில் தட்டை, ஆகவே பூஜ்யம், ஆகவே கீழ்ப் படம் இரண்டில் அச்சை வெட்டுகிறது. அதுவரை சொல்லி நிறுத்தினார். நான் எழுந்தேன்.

"சார், ஒரு சந்தேகம்."

"சொல்லும்மா." முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஸ்டாஃப்தான். டவுட் கேக்கறதுல பசங்களை விட மோசம்."

சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

"இரண்டுக்கு அப்புறம் மேல இருக்குற கிராஃப் ஏறுதா சார், இறங்குதா?"

"ஏறறது."

"ஏறினா டெரிவேட்டிவ்?"

"பாசிட்டிவ். இதென்ன கேள்வி?"

"அப்போ கீழ் கிராஃப் இரண்டுக்கு அப்புறம் எங்க சார் இருக்கணும்?"

"அச்சுக்கு மே..." என்று ஆரம்பித்துத் திரையைப் பார்த்தார். கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்தபடி நின்றது. மூன்றாவது வரிசையில் ஒரு அப்பா தன் மகனிடம், "அரே, தப்பா போட்டிருக்காங்களா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது.

"பிரிண்டிங் மிஸ்டேக்" என்றார் சார்.

"பிரிண்டிங்ல கோடு வளையுமா சார்? வரைஞ்சவங்க தப்பா வரைஞ்சிருக்காங்க." நான் உட்காரவில்லை. "டெஸ்ட்லயும் இதே சம் வந்துச்சு. சரியாப் போட்ட பொண்ணுக்கு நீங்க பூஜ்யம் குடுத்தீங்க. இதை வரைஞ்சது யாரு சார்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்தேன். தான் வரைந்ததாக அவர் சொன்னால் அறிவில்லாதவர். தான் வரையவில்லை என்று சொன்னால் திருடர். அவர் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று கண்ணில் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

"நான்தான்" என்றார் சார். குரல் இறங்கியிருந்தது. "நான்தான் வரைஞ்சேன். என் தப்பு." பேனாவை எடுத்துப் பலகையில் சரியான கோட்டைப் போட்டார். அவசரத்தில் அது அச்சைத் தொடாமலே திரும்பிவிட்டது. அதையும் அழித்து மறுபடி போட்டார். பின்வரிசைகளில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் மேடத்தின் அறை. அவர் முன்னால் இரண்டு புத்தகங்களும் இருந்தன. சார் உட்கார்ந்திருந்தார், நான் நின்றேன்.

"முப்பது வருஷ அனுபவம்னு போட்டிருக்கீங்க" என்றார் மேடம் சாரிடம். "பிளஸ் டூ பிள்ளை கண்டுபிடிக்கிற தப்பு."

சாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மேடம், இதை வரைஞ்சதே அவதான்! வேணும்னே தப்பாப் போட்டுக் குடுத்திருக்கா."

"அப்போ ஃபர்ஸ்ட் பார்ட்?"

சார் தன் பெயர் போட்ட அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"அதையும் இவங்கதான் வரைஞ்சாங்களா?"

"ஆமா" என்றார் சார், தரையைப் பார்த்து. ஹாலில் நூற்றைம்பது பேர் முன்னால் வாங்க முடியாத வார்த்தை, மிட்டாய்க் கடை நெய் வாசனை வரும் அந்தச் சின்ன அறையில், ஒருவர் முன்னால் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். "தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"டெஸ்ட்ல வந்தப்பவும் தெரியும்?"

"தெரியும்."

மேடம் இரண்டு புத்தகங்களையும் ஓரமாகத் தள்ளினார். "அவர் உங்ககிட்டேருந்து திருடினார். நீங்க பசங்ககிட்ட பொய்யைக் கொடுத்திருக்கீங்க. ரெண்டு பேரும் எனக்கு வேண்டாம்."

அந்த வாரமே இரண்டு பேரும் வெளியே. புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். டெஸ்டை மறுபடி திருத்தினார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தொன்று ஆனது, காலை பேட்சில் பெயர் வந்தது. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "ரெண்டு பேரையும் வெட்டுத கத்திய எடுத்துட்டுப் போயிருக்க" என்றாள். எனக்கு வருத்தம் இல்லை. அவர் வேலை போனதைக் கேட்ட அன்று மாட்டுங்காவில் இறங்கி, தனியாக உட்கார்ந்து ஒரு காபி குடித்தேன். ருசியாக இருந்தது.

அந்தப் பெண் வீட்டுக்குப் போக மட்டும் பத்து நாள் ஆயிற்று. தாழ்வான மச்சு. கீழே மிஷின்கள் ஓடின. ஏணியில் ஏறிப் போனேன். அவள் தரையில் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீ போட்டதுதான் சரி" என்றேன். "ஆரம்பத்துலருந்தே நீதான் சரி."

"தெரியும் மிஸ். மார்க்கு போட்டுட்டாங்க." பிறகு கேட்டாள்: "நான் வந்து கேட்டேம்லா, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. "நான் நாலு நாளு அழுதேன் மிஸ். ஸ்கேல வச்சு வச்சுப் பாத்தேன். ஏறத்தான் செய்யுது. அப்புறம் எனக்கு ஏறுறதே தெரியலைன்னு நினச்சுக்கிட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் நோட்டின் பக்கத்தைத் திருப்பினாள். நான் கையோடு மற்ற ஒன்பது படங்களையும் கொண்டுபோயிருந்தேன். "இதெல்லாம் சரியானது. பரீட்சைக்கு வச்சுக்கோ" என்று கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டாள். உள்ளே வைக்கவில்லை. பென்சில் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். என் கண் முன்னாலேயே முதல் படத்தின் மேல் வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தினாள். ஒவ்வொரு இடத்திலும் கீழ்ப் படத்தைப் பார்த்தாள். ஏறுகிறது, மேலே. திரும்புகிறது, பூஜ்யம். இறங்குகிறது, கீழே. முதல் தாளைத் திருப்பி வைத்தாள், இரண்டாவதை எடுத்தாள். அவசரமே இல்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

நாலாவது தாளில் ஸ்கேல் நின்றது. பின்னால் நகர்ந்தது, முன்னால் நகர்ந்தது.

"மிஸ், இந்தப் பள்ளம் பூஜ்யத்துல இருக்கு, உச்சி நாலுல. ஆனா ரொம்பச் செங்குத்தா ஏறுறது மூணுகிட்ட. நீங்க கீழ உச்சிய இரண்டுல போட்டிருக்கீங்க."

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பள்ளத்துக்கும் உச்சிக்கும் நட்டநடுவில் கைப்பழக்கத்தில் போட்டிருந்தேன். சீரான வளைகோடாக இருந்தால் அது சரியாக இருந்திருக்கும். இந்தக் கோடு சீரானது இல்லை. மூன்று மாதமாக என் கையில் இருந்த தாள், நான் பார்க்கவே இல்லை.

"இதுவும் வேணும்னே போட்டதா மிஸ்?"

"இல்ல. இது சத்தியமா கவனிக்காம வந்தது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்து, இரண்டில் இருந்த உச்சியை அழித்து, மூன்றில் போட்டாள். தாளைத் திருப்பி வைத்தாள். ஐந்தாவதை எடுத்து, இடது ஓரத்தில் ஸ்கேலை வைத்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.